அக்கா கல்யாணம் ஜூலை 6, வேலையில் சேரச் சொன்னது ஜூன் 23. ரெக்ரூட்டரிடம் எப்படித் தள்ளிக் கேட்பது?

தலவாக்கலை_தம்பி | 2025 ஜூன் 11, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மூன்று வருடமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் உள்ள ஒரு ஏஜென்சி மூலமாக, கண்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் அலுவலகத்தில் இப்போது வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 65,000 ரூபா. இன்று காலை நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. ஜூன் 23 திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டுமாம். 16ஆம் திகதிக்குள் கையொப்பம் வைத்து அனுப்பவும் வேண்டும்.

அக்காவுக்கு ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நாள் குறித்தது பங்குனியில். 17ஆம் திகதி ஆடி பிறந்துவிடும், அதனால் இனி நாளை மாற்றவும் முடியாது. அப்பா இல்லை. அம்மா காலையில் மலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். மாப்பிள்ளையை மாலை போட்டு அழைத்து வருவது, மண்டபத்துக்கு முற்பணம் கட்டியது, சமையல்காரரோடு பேசியது, பதுளையிலிருந்து வரும் தாய்மாமன் குடும்பத்தை எங்கே தங்க வைப்பது, எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. கல்யாணம் முடிந்து மறுவீடு 8ஆம் திகதி.

ஜூலை 14 திங்கட்கிழமை சேர்கிறேன் என்று கேட்கலாமா? கேட்டால் வேலை கைவிட்டுப் போகுமா? கடை முதலாளியிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன், ஜூன் 20தான் கடைசி நாள். இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கப் பயமாக இருக்கிறது.

ஹட்டன்_ராஜா | இரவு 9.05

தம்பி, கேட்கவே கேட்காதீர்கள். 23ஆம் திகதி போய்ச் சேருங்கள். வேலையில் சேர்ந்த பிறகு உங்களுக்கு உரிமை இருக்கிறது. சட்டப்படி வருடத்துக்கு ஏழு நாள் கேசுவல் லீவு. நான்கு நாள் போட்டு ஊருக்கு வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. சேருவதற்கு முன்பே லீவு கேட்பவனை எந்தக் கம்பனிக்கும் பிடிக்காது.

மஸ்கெலியா_டீச்சர் | இரவு 9.30

தம்பி, எனக்கும் இப்படித்தான் நடந்தது. ஆசிரியர் நியமனம் கிடைத்த கிழமையே தாத்தாவின் கருமாதி. நான் குறித்த நாளில் போய்க் கடமையேற்றுக் கையொப்பம் வைத்துவிட்டு, அதிபரிடம் சொல்லிவிட்டுப் பின்னேரமே வீட்டுக்கு வந்தேன். பிறகு விடுமுறைப் படிவம் கொடுத்தேன். நீங்களும் உங்கள் அலுவலகத்தில் விடுமுறைப் படிவம் வாங்கி இப்போதே கொடுத்து வையுங்கள். மேலதிகாரி நல்லவராக இருந்தால் தருவார்.

தலவாக்கலை_தம்பி | இரவு 9.42

டீச்சர், நான் இன்னும் அங்கே சேரவே இல்லை. விடுமுறைப் படிவம் கொடுக்க மேலதிகாரி யாரென்றும் தெரியாது. இப்போதைக்கு ஏஜென்சியில் ஒரு அக்காவின் இலக்கம் மட்டும்தான் கையில் இருக்கிறது.

பண்டாரவளை_அக்கா | இரவு 10.20

தம்பி, நான் 11 வருடமாக ஆட்சேர்ப்புப் பக்கத்தில் வேலை செய்கிறேன், இப்போது கண்டியில். உங்களைப் போலக் கேட்டவர்களுக்கு நானே பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் ராஜா அண்ணா சொன்னதைத் திருத்த வேண்டும், ஏனென்றால் அதை நம்பிப் போனால் ஜூலை முதல் வாரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் ஏழு நாள் கேசுவல் லீவு என்பது சரிதான். ஆனால் முதல் வருடத்தில் அது மொத்தமாகக் கையில் கிடைப்பதில்லை. இரண்டு மாத வேலை முடிந்தால் ஒரு நாள், அப்படித்தான் சேர்ந்துகொண்டு போகும். ஜூன் 23இல் சேர்ந்தவருக்கு ஜூலை 7இல் ஒரு நாள்கூட இல்லை. வருடாந்த விடுமுறையும் அந்த வருடம் கிடையாது. அதனால் நீங்கள் எடுப்பது எதுவானாலும் நோ பே தான். சேர்ந்து இரண்டு கிழமையில், முன்கூட்டிச் சொல்லாமல் நோ பே போட்டால் மேலாளர் மனதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட இப்போது கேட்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது நீங்கள் கேட்டிருக்கும் ஜூலை 14. அந்தத் திகதி உங்களுக்கு ஒரு செலவு வைக்கும். அடுத்த வருடம் உங்களுக்கு எத்தனை நாள் வருடாந்த விடுமுறை என்பது, இந்த வருடம் எந்தக் காலாண்டில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாள். ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை என்றால் 10. ஜூலை 1 முதல் செப்டெம்பர் 30 வரை என்றால் 7. அதற்குப் பிறகு என்றால் 4. மூன்றாவது வருடத்திலிருந்து எல்லோருக்கும் 14. அப்படியென்றால் நீங்கள் ஜூன் 30ஆம் திகதி சேர்ந்தால் 2026இல் 10 நாள், மறுநாள் ஜூலை 1 சேர்ந்தால் 7 நாள். ஒரு நாள் வித்தியாசத்தில் மூன்று நாள் போகும். இந்த வருடம் ஜூன் 30 திங்கட்கிழமையாக வேறு இருக்கிறது.

இதை ரெக்ரூட்டர் உங்களுக்குச் சொல்லமாட்டார். மறைப்பதற்காக அல்ல, அவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

அதனால் 14ஆம் திகதி என்று ஒரே முடிவோடு போனைத் தூக்காதீர்கள். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "23ஆம் திகதி ஏன் குறித்திருக்கிறீர்கள்? அன்று பயிற்சி வகுப்பு ஏதாவது தொடங்குகிறதா?" காப்புறுதி, வங்கி போன்ற இடங்களில் பெரும்பாலும் புதியவர்களை ஒரு குழுவாகச் சேர்த்துத்தான் பயிற்சி கொடுப்பார்கள். அப்படியென்றால் 14ஆம் திகதி நீங்கள் தனியாகப் போய் நிற்பீர்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. ஆளில்லாத இடத்தை நிரப்பத்தான் எடுத்திருக்கிறார்கள் என்றால், பழையவர் எப்போது போகிறார் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். காரணம் தெரிந்த பிறகு கேட்டால், அவர்களால் கொடுக்கக்கூடிய திகதியைக் கேட்பீர்கள்.

நுவரெலியா_சுதா | இரவு 10.48

அக்கா சொல்வது சரி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கல்யாணம் என்று காரணத்தைச் சொல்ல வேண்டுமா? "குடும்பக் காரணம்" என்று மட்டும் சொன்னால் போதாதா? ஊரில் கல்யாணம், திருவிழா என்று சொன்னால் கொழும்பு ஆட்கள், மலையகத்துப் பிள்ளைகள் எப்பொழுதும் ஊருக்கு ஓடும் என்று நினைப்பார்கள். என் தோழியை நேர்முகத் தேர்விலேயே "தேர்த் திருவிழாவுக்கு எத்தனை நாள் லீவு போடுவீர்கள்" என்று கேட்டார்கள்.

பண்டாரவளை_அக்கா | இரவு 11.02

சுதா, அந்தக் கேள்வி கேட்டது பிழை, எனக்கும் கோபம் வருகிறது. ஆனாலும் கல்யாணத்தைச் சொல்வதே நல்லது என்பதுதான் என் அனுபவம். "குடும்பக் காரணம்" என்று மட்டும் எழுதினால், வேறு இடத்தில் இன்னொரு வேலைக்குப் பதில் பார்த்துக்கொண்டு இழுக்கிறார் என்றுதான் ரெக்ரூட்டருக்கு முதலில் தோன்றும். கல்யாணத்துக்கு ஒரு திகதி இருக்கிறது, அது முடிந்துவிடும். கேட்பவருக்கு எப்போது முடியும் என்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

நுவரெலியா_சுதா | இரவு 11.10

நீங்கள் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் அக்கா. இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு அப்படித் தெரியவில்லை. நானாக இருந்தால் சொல்லமாட்டேன்.

பதுளைக்காரன் | ஜூன் 12, காலை 6.15

தம்பி, என் கதையைக் கேட்டுவிட்டுப் போனை எடுங்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கும் ஒரு ஏஜென்சி மூலமாகத்தான் வேலை வந்தது. பேர் வேண்டாம். தங்கச்சியின் பெரியபிள்ளைச் சடங்கு, பத்து நாள் தள்ளிக் கேட்டேன். போனில் "ஓகே ஓகே, நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் விழாவை நல்லபடி முடியுங்கள்" என்றார். நானும் நம்பினேன். சடங்கு முடிந்து, பழைய வேலையையும் விட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனால், அலுவலகத்தில் என் பெயரே இல்லை. குறித்த நாளில் வரவில்லை என்று அடுத்த ஆளை எடுத்துவிட்டார்கள். ஏஜென்சி ஆள் கம்பனிக்குச் சொல்லவே இல்லை. என்னிடம் காட்ட ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த நான்கு மாதமும் அம்மாவின் தோட்டத்து நாட்பேர்க் காசில் சாப்பிட்டது இன்னும் மனதில் இருக்கிறது.

எழுத்தில் வாங்காமல் பழைய கடையை விடாதீர்கள்.

பண்டாரவளை_அக்கா | காலை 7.05

பதுளைத் தம்பிக்கு நடந்தது அடிக்கடி நடக்கிற ஒன்று. ஏஜென்சியில் இருப்பவர் நிறுவனத்தின் ஆள் இல்லை. திகதியை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை, நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவுக்குத்தான் இருக்கிறது. ஆள் போய்ச் சேர்ந்தால்தான் ஏஜென்சிக்குக் கட்டணம். அதனால் நீங்கள் மனம் மாறிவிடக் கூடாது என்று எதற்கும் "ஓகே" சொல்வார்கள். அந்த "ஓகே"க்கு "நான் கேட்டுப் பார்க்கிறேன்" என்றுதான் அர்த்தம்.

அதனால் தம்பி, காலையில் போனில் பேசுங்கள், பேசி முடித்த அரை மணித்தியாலத்துக்குள் மின்னஞ்சல் போடுங்கள், எச்.ஆர். முகவரியையும் அதில் சேர்த்து. நியமனக் கடிதத்தின் கடைசியில் கையொப்பம் வைத்தவருடைய முகவரி இருக்கும். பதில் வந்ததும் திருத்திய கடிதம் கேளுங்கள். முழுக் கடிதம் மாற்றித் தர முடியாது என்றால், "உங்கள் சேரும் திகதி இதுவாக மாற்றப்பட்டது, மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கும்" என்று எச்.ஆர். முகவரியிலிருந்து ஒரு வரி வந்தாலும் போதும்.

இன்னொன்று, 23ஆம் திகதி என்று போட்ட கடிதத்தில் கையொப்பம் வைத்து அனுப்பிவிட்டுப் பிறகு கேட்காதீர்கள். ஒத்துக்கொண்டு பின்வாங்குவது போலாகும். அதற்காக 16ஆம் திகதியைத் தாண்டவும் விடக் கூடாது, தாண்டினால் கடிதமே செல்லாது. இன்று வியாழன். இன்றே பேசினால்தான் அவர்களுக்கு வெள்ளியும் திங்களும் இருக்கும்.

லிந்துலை_மாமா | காலை 7.40

எல்லோரும் திகதியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஓய்வுபெற்ற கிளார்க். ஒரு தோட்டப் பிள்ளைக்குக் கண்டியில் மேசை வேலை கிடைப்பதே பெரிய காரியம். கல்யாணத்தைத் தாய்மாமன் நடத்தட்டும். சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு முகூர்த்தத்துக்கு நின்றுவிட்டுத் திங்கள் காலை போனால் என்ன? இடையில் வேலை விட்டு நின்றால் ஈ.பி.எப். உடைந்துவிடும், அதையும் பாருங்கள்.

பண்டாரவளை_அக்கா | காலை 8.10

மாமா, ஈ.பி.எப். உடையாது. இடையில் சில கிழமைகள் காசு கட்டப்படாவிட்டாலும் இருக்கிற காசு அவர் பெயரில் அப்படியே இருக்கும். புது இடத்தில் அவருடைய 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் திரும்பக் கட்டத் தொடங்குவார்கள். சேவைப் பணம்தான் வேறு கணக்கு. அது ஒரே இடத்தில் ஐந்து வருடம் செய்தால் வருவது. தம்பி கடையில் மூன்று வருடம்தான், அதனால் எப்போது விட்டாலும் அது இல்லை.

தாய்மாமன் நடத்தட்டும் என்பதற்கு நான் என்ன சொல்ல. அது அவருடைய வீட்டு விசயம்.

தலவாக்கலை_தம்பி | மதியம் 1.20

எல்லோருக்கும் நன்றி. மாமா, நீங்கள் அக்கறையில் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அப்பா சாகும்போது அக்காவின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். நான் விருந்தாளி மாதிரி சனிக்கிழமை இரவு வந்து இறங்க முடியாது.

காலை 9.30க்கு ஏஜென்சி அக்காவோடு பேசினேன். பண்டாரவளை அக்கா சொன்ன மாதிரி, முதலில் 23ஆம் திகதி ஏன் என்று கேட்டேன். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் அன்று ஒரு குழுவுக்குப் பயிற்சி தொடங்குகிறதாம், ஐந்து நாள். அடுத்த குழு ஜூன் 30, அது கண்டியிலேயே. அதற்குப் பிறகு ஓகஸ்ட் 4 வரை ஒன்றும் இல்லை. நான் கேட்டிருந்தால் ஜூலை 14க்கு அங்கே ஒன்றுமே இல்லை! உடனே இந்த மின்னஞ்சலைப் போட்டேன். ஆங்கிலத்தில்தான் போட்டேன், இங்கே தமிழில் தருகிறேன்:

> வணக்கம். உங்கள் நியமனக் கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி. இந்த வேலையில் சேர முழு விருப்பத்தோடு இருக்கிறேன். என் அக்காவின் திருமணம் ஜூலை 6ஆம் திகதி தலவாக்கலையில் நடக்கிறது. அப்பா காலமாகிவிட்டதால் அதன் பொறுப்பு என்னுடையது. ஜூன் 23க்குப் பதிலாக, ஜூன் 30 கண்டிக் குழுவோடு சேர அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி ஐந்து நாளும் முழுமையாக வருவேன். அதன் பிறகு ஜூலை 7, 8, 9 மூன்று நாட்கள் சம்பளமற்ற விடுமுறை தேவைப்படும். 10ஆம் திகதி போயா. 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை கடமைக்குத் திரும்புவேன். திகதி மாற்றத்தை எழுத்தில் உறுதிப்படுத்தினால், திருத்திய கடிதத்தில் அன்றே கையொப்பம் வைத்து அனுப்புவேன்.

சரியா அக்கா?

பண்டாரவளை_அக்கா | மதியம் 2.05

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். திகதி மாற்றத்தையும் மூன்று நாள் விடுமுறையையும் ஒரே கடிதத்தில் கேட்டது மிகவும் சரி. பலர் திகதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, விடுமுறையைச் சேர்ந்த பிறகு சொல்வார்கள். அப்போதுதான் எச்.ஆருக்கு ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கும்.

காசுக் கணக்கையும் பாருங்கள். நோ பே ஒரு நாளுக்குப் பல இடங்களில் மாதச் சம்பளத்தை 30ஆல் வகுப்பார்கள், உங்கள் கடிதத்தில் வேறு மாதிரி இருந்தால் அதன்படி. 65,000 என்றால் ஒரு நாளுக்குச் சுமார் 2,167 ரூபா. ஜூலை 14க்குத் தள்ளியிருந்தால் 21 நாள், 45,500 ரூபா போயிருக்கும். இப்போது தள்ளிய ஏழு நாளும் நோ பே மூன்று நாளும், மொத்தம் பத்து நாள், சுமார் 21,670. கல்யாணச் செலவு இருக்கிற வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. அதோடு அடுத்த வருடம் 10 நாள் விடுமுறை. கடை முதலாளியிடம் 28ஆம் திகதி சனிக்கிழமை வரை நிற்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் எழுத்தில் பதில் வந்த பிறகு கேளுங்கள்.

ஹட்டன்_ராஜா | பின்னேரம் 4.30

கேசுவல் லீவு விசயத்தில் நான் சொன்னது பிழைதான், அக்காவுக்கு நன்றி. என் கடையில் ஆட்கள் எல்லாம் பல வருடமாக இருப்பவர்கள், அதனால் ஏழு நாள் என்றே பழகிவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பயிற்சி 4ஆம் திகதி வெள்ளி வரை என்றால், தம்பி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதானே வீட்டுக்கு வந்து சேருவார்?

தலவாக்கலை_தம்பி | மாலை 6.10

ஆமாம் அண்ணா, அது ஒன்றுதான் உறுத்துகிறது. ஆனால் அம்மாவும் நானும் மதியம் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். மண்டபம், சமையல், வேன், பதிவாளர், ஐயர், இதெல்லாம் 23க்கும் 29க்கும் இடையில் முடிக்கக்கூடியவை. கடை முதலாளி ஒத்துக்கொண்டால் பின்னேரங்களில் முடிக்கலாம். கடைசிக் கிழமையில் மிஞ்சுவது பந்தல், பாத்திரம், மாமா வீட்டாரைக் கூட்டி வருவது. அதற்குச் சித்தப்பா பொறுப்பு. வெள்ளி பின்னேரம் கண்டியில் பஸ் ஏறினால் இரவுக்குள் வந்துவிடுவேன்.

தலவாக்கலை_தம்பி | ஜூன் 13, மாலை 5.25

எச்.ஆரிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஜூன் 30 என்று மாற்றிய கடிதம், புதிதாகக் கையொப்பம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாள் நோ பேக்கும் மின்னஞ்சலில் சம்மதம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். போனைத்தான் வைத்தேன்.

ஒரு வரி மட்டும் விளங்கவில்லை. தகுதிகாண் காலம் ஆறு மாதம், "சம்பளமற்ற விடுமுறை நாட்கள் அதில் சேர்த்துக்கொள்ளப்படமாட்டாது" என்று இருக்கிறது. பழைய கடிதத்தில் இந்த வரி இருந்ததா என்று தேடினேன், இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

பண்டாரவளை_அக்கா | மாலை 6.00

சந்தோசம் தம்பி! டிசம்பர் 29இல் முடிய வேண்டிய தகுதிகாண் காலம் மூன்று வேலை நாள் தள்ளிப் போகலாம் என்பதுதான் அதன் அர்த்தம். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சில இடங்களில் ஜனவரியில் சம்பள உயர்வு கொடுக்கும்போது, டிசம்பர் 31க்குள் நிரந்தரமானவர்களை மட்டும் பார்ப்பார்கள். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஏதும் உண்டா என்பதைச் சேர்ந்த பிறகு, ஓகஸ்ட் மாதம் போல, மேலாளரிடம் மெதுவாகக் கேளுங்கள். இப்போது கேட்க வேண்டாம்.

நுவரெலியா_சுதா | மாலை 6.30

இப்போது கேட்டால் என்ன அக்கா? கையொப்பம் வைப்பதற்கு முன்புதானே கேட்க வேண்டும்?

பண்டாரவளை_அக்கா | மாலை 6.45

ஒரே கிழமையில் மூன்றாவது கேள்வியாக அது போய் நிற்கும் சுதா. ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தம்பியே முடிவெடுக்கட்டும்.

தலவாக்கலை_தம்பி | இரவு 8.15

கையொப்பம் வைத்து அனுப்பிவிட்டேன். கடை முதலாளி 28ஆம் திகதி வரை நிற்கச் சொல்லிவிட்டார், அந்தக் கிழமைக்கும் சம்பளம் தருவாராம். டிசம்பர் விசயத்தை இப்போது கேட்கவில்லை. ஜூலை 6ஆம் திகதி தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள், மண்டபத்தின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.